மண்டபப் பதிவுச் செயலிக்கு ஃபிளட்டரா, கொட்லினா? யாழ்ப்பாணத்துச் சின்னக் குழுக்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் மூன்று பேர்தான். ஒரு கலியாண மண்டபத்துக்குப் பதிவு செய்யிற அப் கேட்கினம். எதில தொடங்குறது?

முதலில் அந்த மண்டபக்காரரிடம் போய், கடைசியாக வந்த இருபது பதிவுகளை யார் செய்தது என்று கேளுங்கள். கொப்பியைப் புரட்டிக் காட்டுவார். எங்களுக்குக் காட்டிய கொப்பியில் பாதிக்கு மேல் வெளிநாட்டு நம்பர்கள். மாப்பிள்ளை ரொறன்ரோவில், பெண்ணின் தமையன் லண்டனில், முற்பணம் கட்டுவது அவர்கள், மண்டபத்தைப் பார்த்துவிட்டு வருவது மட்டும் நல்லூரில் இருக்கும் சித்தப்பா. அந்தத் தமையனின் கையில் இருப்பது பெரும்பாலும் ஐபோன். அப்படியென்றால், ஒரே கோட்டில் அன்ட்ரொயிட்டுக்கும் ஐபோனுக்கும் அப் செய்ய விடும் ஃபிளட்டர்.

கொப்பியில் எல்லாம் உள்ளூர் நம்பர்கள், அல்லது அப்பைத் தொடப்போவது கவுண்டரில் இருக்கும் ஒரு பிள்ளை மட்டும்தான் என்றால், கொட்லினில் அன்ட்ரொயிட்டுக்கு மட்டும் எழுதுங்கள். உங்களில் ஒருவருக்குக் கொட்லின் ஏற்கனவே நன்றாக வருமென்றால் இன்னும் நல்லது. வேகம், அழகு, எதிர்காலம் என்று யூடியூப்பில் நடக்கும் சண்டை ஏழெட்டுத் திரையுள்ள ஒரு பதிவு அப்புக்குத் தேவையில்லாதது.

இப்ப அன்ட்ரொயிட்டுக்கு மட்டும் செய்துபோட்டு, ஐபோனைப் பிறகு பார்த்தால் என்ன?

அந்தப் "பிறகு"க்கு என்ன செலவு என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கொட்லினில் எழுதியிருந்தால் ஐபோனுக்கு வழக்கமாக ஸ்விப்ட் மொழியில் எல்லாத் திரையையும் திரும்ப எழுத வேண்டும். மூன்று பேரில் ஒருவர் அதற்கென்றே போய்விடுவார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சின்ன மாற்றமும் இரண்டு தரம்.

ஃபிளட்டரிலும் ஐபோன் சும்மா வராது. ஐபோன் அப்பை பில்ட் எடுக்கும் அப்பிளின் எக்ஸ்கோட் மக் கணினியில்தான் ஓடும். உங்களிடம் மக் இல்லையென்றால் வாடகை மக்கில், உதாரணமாக கிட்ஹப் அக்சன்ஸ் தரும் மக்கில், பில்ட் எடுக்கலாம். ஆனால் கையில் பிடித்துச் சோதிக்க ஒரு ஐபோன் கட்டாயம் வேண்டும், பழையதென்றாலும் பரவாயில்லை. அப்பிள் கணக்குக்கு வருடாவருடம் 99 டொலர். கூகுளுக்கு ஒரே தரம் 25 டொலர். இந்த 99 டொலரை யார் கட்டுவது என்பதை விலைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டாம் வருடம் மண்டபக்காரர் "இது என்ன புதுக்காசு" என்று கேட்பார்.

அப்பே வேணுமா? ஒரு வெப் பக்கம் போதாதா?

பல இடங்களில் போதும். கலியாணத்துக்கு ஒருவர் வாழ்நாளில் ஒன்றிரண்டு தரம்தான் மண்டபம் பிடிப்பார். அதற்காக அவர் அப் இறக்குவார் என்று நான் நம்பவில்லை. எங்கள் மண்டபக்காரருக்கு வாடிக்கையாளர் பக்கம் அப்பாக வேண்டுமென்று பிடிவாதம், அதனால் செய்தோம். சலூன், பல் வைத்தியர், உதைபந்தாட்டத் திடல் போல ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிற தொழில் என்றால் அப்புக்கு நியாயம் உண்டு.

ஃபிளட்டர் அப் பாரமாக, மெதுவாக இருக்குமாமே?

பாதி உண்மை. ஃபிளட்டர் தன் பொத்தான்களையும் பட்டியல்களையும் தானே வரைகிறது. அந்த வரையும் இயந்திரமும் அப்போடு சேர்ந்துதான் வரும். ஒன்றுமே இல்லாத ஒரு வெற்று அப்புக்குக்கூட ஒரு புரொசெசர் வகைக்கு 4 முதல் 5 எம்பி என்று ஃபிளட்டர் குழுவே 2021இல் அளந்து சொன்னது. ஒரு பதிவு அப்பைப் பொறுத்தவரை இது யாரும் கவனிக்காத பாரம்.

முறைப்பாடு வருவது பெரும்பாலும் வேறு இரண்டு காரணத்தால். முதலாவது, ஆட்கள் டிபக் பில்டைப் போனில் போட்டுக் காட்டுகிறார்கள். அது எழுதும்போது உடனுக்குடன் மாற்றம் தெரிவதற்காகச் செய்யப்பட்டது. பழைய போனில் தட்டித் தட்டித்தான் ஓடும். வேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உண்மையான போனை வயரில் கொழுவி `flutter run --profile` கொடுங்கள். எமுலேற்றரில் இந்த நிலை ஓடாது.

இரண்டாவது, வட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே. வெறுமனே `flutter build apk` கொடுத்தால் மூன்று வகைப் புரொசெசருக்குமான கோட் ஒரே பொதியில் வரும். அதனால்தான் அது அவ்வளவு பெரிது. பிரித்து எடுக்க:

```
flutter build apk --split-per-abi
```

இப்போது மூன்று கோப்பு வரும். `arm64-v8a` என்று இருப்பது இப்போதைய போன்களுக்கு, `armeabi-v7a` பழைய 32 பிட் போன்களுக்கு. மண்டபக் காவலாளியின் பழைய போனுக்கு முதலாவதை அனுப்பினால் "App not installed" என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. பிளே ஸ்டோருக்கு `flutter build appbundle`. அங்கே பிரிக்கும் வேலையைக் கூகுளே பார்த்துக்கொள்ளும்.

7ஆம் திகதி பதிஞ்சால் சேர்வரில 6ஆம் திகதி எண்டு நிக்குது. ஃபிளட்டர் பிழையா?

ஃபிளட்டரின் பிழை இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். எங்களுக்கு இதே கதை ஒரு மண்டபத்தில் நடந்தது. செப்டெம்பர் 7க்குப் பதிந்தவர்கள் எல்லாரும் 6க்குப் போய்விட்டார்கள். நல்லகாலம், முற்பணம் வாங்குவதற்கு முதல்நாள் கண்டுபிடித்தோம்.

நடப்பது இதுதான். ஃபிளட்டரின் `showDatePicker` உங்களுக்குத் தருவது வெறும் திகதி இல்லை, போனின் உள்ளூர் நேரப்படி அந்தத் திகதியின் நள்ளிரவு 12 மணி. நேரத்தை எப்போதும் யூடிசியில்தான் அனுப்ப வேண்டும் என்று எங்கோ படித்திருப்பீர்கள், அதனால் `toUtc()` போட்டிருப்பீர்கள். எங்கள் நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே 7ஆம் திகதி நள்ளிரவு, யூடிசியில் 6ஆம் திகதி மாலை 6.30. சேர்வரின் தரவுத்தள அட்டவணையில் அந்த நிரல் `date` வகையென்றால் நேரத்தை வெட்டிவிட்டு 6 என்று வைத்துக்கொள்ளும்.

இதில் விசர் பிடிக்கிற விசயம், ரொறன்ரோவில் இருந்து பதிபவருக்கு இது சரியாக வேலை செய்யும். செப்டெம்பரில் அவர்களின் நேரம் யூடிசிக்கு நான்கு மணித்தியாலம் பின்னால். அவர்களின் 7ஆம் திகதி நள்ளிரவு, யூடிசியில் 7ஆம் திகதி காலை 4 மணி. திகதி மாறாது. ஆகவே கனடாக்காரர் சரியாகத்தான் இருக்கிறது என்பார், இங்கே இருப்பவர் பிழை என்பார், இரண்டு பேரும் சொல்வது உண்மை.

கொட்லினில் செய்தால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே இதே குழி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. மெற்றீரியல் திகதித் தெரிவி தருவது யூடிசி நள்ளிரவின் மில்லிசெக்கன். அதைப் போனின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றித் திகதி எடுத்தால், யாழ்ப்பாணத்தில் 7ஆம் திகதி காலை 5.30 வரும். திகதி சரி, சோதனையும் பாஸ். ரொறன்ரோவில் அதே கோட் 6ஆம் திகதி இரவு 8 மணி என்று கணக்குப் போட்டு 6ஐத் தரும். உங்கள் மேசையில் ஒருநாளும் தெரியாத பிழை, காசு கட்டுகிற ஆளுக்குத் தெரியும்.

மருந்து இரண்டிலும் ஒன்றுதான். கலியாண நாள் என்பது திகதி, அதற்கு நேர வலயம் கிடையாது. அதை எழுத்தாகவே அனுப்புங்கள். ஃபிளட்டரின் மொழியான டார்ட்டில், தெரிவி தந்த திகதியை மாற்றாமல்:

```dart
final day = picked.toIso8601String().substring(0, 10);
// 2025-09-07
```

கொட்லினில், யூடிசியிலேயே நின்றுகொண்டு திகதியை எடுங்கள்:

```kotlin
val day = Instant.ofEpochMilli(millis)
    .atZone(ZoneOffset.UTC)
    .toLocalDate()
```

இந்த `Instant`, `LocalDate` வகைகள் அன்ட்ரொயிட் 8இல் இருந்துதான் உள்ளே இருக்கின்றன. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் டீசுகரிங் என்ற அமைப்பை, பில்ட் கருவியான கிரேடிலில் இயக்க வேண்டும். நாங்கள் `minSdk 26` என்று வைத்துவிட்டுப் போய்விட்டோம்.

சோதிப்பதற்குப் போனின் அமைப்பில் நேர வலயத்தை ரொறன்ரோவுக்கு மாற்றி ஒரு தரம், கொழும்புக்கு மாற்றி ஒரு தரம் பதிந்து பாருங்கள். ஃபிளட்டர் என்றால் லினக்ஸிலோ மக்கிலோ `TZ=America/Toronto flutter test` என்று கொடுத்து இதைத் தானியங்கிச் சோதனையாகவே வைத்திருக்கலாம்.

சலூன் போல மணிக்கணக்கில் பதிகிற அப் என்றால் கதை வேறு. பத்தரை மணி என்பது ஒரு கணம், அது யூடிசியில்தான் போக வேண்டும், திரையில் கடை இருக்கும் ஊரின் நேரமாகத்தான் தெரிய வேண்டும். இந்த இடத்தில் கொட்லினுக்குக் கை ஓங்கும்: `ZoneId.of("Asia/Colombo")` உள்ளேயே இருக்கிறது. டார்ட்டின் `DateTime` உள்ளூர், யூடிசி என்ற இரண்டை மட்டுமே அறியும். மூன்றாவது ஊர் வேண்டுமென்றால் `timezone` பொதியைச் சேர்க்க வேண்டும்.

ஆவணி முகூர்த்த நாளில ஒரே நாளை ரெண்டு பேர் ஒரே நேரம் பிடிச்சால்?

அதை ஃபிளட்டரும் தடுக்காது, கொட்லினும் தடுக்காது. அப் "வெற்றாக இருக்கிறது" என்று காட்டுவது அது கடைசியாகக் கேட்ட நேரத்து நிலைமை. அந்த இரண்டு செக்கனுக்குள் இன்னொருவர் அமத்தியிருப்பார். தடுக்க வேண்டியது தரவுத்தளம். போஸ்ட்கிரெஸ் என்றால்:

```sql
create unique index one_party
on bookings (hall_id, day, session)
where status <> 'cancelled';
```

`session` என்பது பகல் அல்லது இரவு. இரண்டாவது ஆளின் பதிவு 23505 என்ற பிழையோடு திரும்பும். அப்பின் வேலை அந்தப் பிழையைப் பிடித்து "இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார், அடுத்த நாள் பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்வது மட்டும்தான். ரத்தான பதிவுகளை வெளியே விட்டதால், ஒருவர் விட்ட நாளை இன்னொருவர் எடுக்கலாம்.

காசு கட்டும்வரை 15 நிமிடம் பிடித்து வைக்க வேண்டுமென்றால் `status` ஐ `held` என்று வையுங்கள். நேரம் முடிந்தவற்றை ரத்தாக்க ஒரு சின்ன வேலை நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடட்டும். அந்தக் காலாவதியை இண்டெக்சின் `where` உள்ளேயே `now()` போட்டு எழுதப் பார்ப்பீர்கள், போஸ்ட்கிரெஸ் விடாது. நேரத்தோடு மாறுகிற சார்புக்கு அங்கே இடமில்லை.

முற்பணத்தை அப்புக்குள்ள வாங்கலாமா? கூகுள் பங்கு கேட்குமா?

மண்டபம், முடிவெட்டு, அறை போன்றவை அப்புக்கு வெளியே கிடைக்கும் சேவைகள். அவற்றுக்குக் கூகுளின் பில்லிங்கைப் பாவிக்கத் தேவையில்லை, பாவிக்கவும் கூடாது. காசு வாங்கித் தரும் உள்ளூர்க் கேற்வே ஒன்று போதும். அப்படியொரு கேற்வேயான பேஹியர் அன்ட்ரொயிட்டுக்கும் ஃபிளட்டருக்கும் தனித்தனிக் கருவிப்பொதி தருகிறது, ஆகவே இந்த விசயத்தில் இரண்டு பக்கமும் சமம்.

பிழை விடுகிற இடம் ஒன்றுதான். போனில் "வெற்றி" என்று வந்தவுடன் பதிவை உறுதியாக்காதீர்கள். கேற்வே உங்கள் சேர்வரின் `notify_url` க்குத் தனியாக அறிவிக்கும், கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு அதை நம்புங்கள். கட்டியவரின் 4ஜி நடுவில் அறுந்தாலும் அந்த அறிவிப்பு வரும். சிலவேளை 15 நிமிடம் முடிந்து, நாள் இன்னொருவருக்குப் போன பிறகு வரும். அப்போது உறுதியாக்கப் போனால் அதே 23505 தடுக்கும். அந்தப் பதிவைத் தனியாகக் குறித்து வைத்துக் காசைத் திருப்புங்கள்.

தமிழ் எழுத்து உடையுமா?

எழுத்து உடையாது. உடைவது பொத்தான். ஆங்கிலத்தில் "Book" என்று நான்கு எழுத்தில் வரைந்த இடத்தில் "முன்பதிவை உறுதிசெய்க" வந்தால் ஃபிளட்டரில் ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாக வரி விழும், கொன்சோலில் "A RenderFlex overflowed by 42 pixels on the right" என்பது போல ஒரு வரி வரும். டிபக்கில்தான் அந்த வரிகள். ரிலீஸில் சத்தமில்லாமல் எழுத்து எல்லையைத் தாண்டி நிற்கும், திரையின் ஓரம் என்றால் "முன்பதிவை உறுதிசெ" என்று வெட்டுப்படும். `Row` க்குள் இருக்கும் `Text` ஐ `Expanded` ஆல் சுற்றினால் அடுத்த வரிக்கு மடியும். கொட்லினில் திரை வரைய கொம்போஸ் பாவித்தால் எழுத்து தானாகவே மடியும், ஆனால் அதற்குப் பிறகு வரும் ஐகொன் நசுங்கிப் போகும். எதில் செய்தாலும், போனில் எழுத்தளவை ஆகப் பெரிதாக்கி ஒருதரம் பாருங்கள். மண்டபக்காரர் அப்படித்தான் வைத்திருப்பார்.

ஆறு மாதம் தொடாமல் வச்சிருந்து இப்ப பில்ட் எடுத்தால் வருகுதில்லை.

ஃபிளட்டரின் உண்மையான வாடகை இதுதான். உங்கள் கோட், ஃபிளட்டர், பிளகின் எழுதிய யாரோ ஒருவர், கிரேடில், அன்ட்ரொயிட் கருவிகள் என்று ஐந்து தரப்பு ஒத்துப்போக வேண்டும். அன்ட்ரொயிட் கிரேடில் பிளகின் 8 வந்தபோது, கைவிடப்பட்டிருந்த பழைய பிளகின்கள் எல்லாம் "Namespace not specified" என்று நின்றன. உங்கள் கோட்டில் ஒரு வரி மாற்றவில்லை, ஆனாலும் பில்ட் இல்லை.

நேரடிக் கொட்லினிலும் கருவிகள் மாறும், ஆனால் பெரும்பாலும் கூகுளோடு மட்டும்தான் மல்லுக்கட்டு. ஃபிளட்டரில் தப்ப ஒரே வழி பிளகினைக் குறைப்பது. திகதியை வடிவமைக்க ஒரு பொதி, அழகான பொத்தானுக்கு ஒரு பொதி என்று சேர்க்காதீர்கள். சேர்க்க முன் pub.dev இல் கடைசி வெளியீடு எப்போது என்று பாருங்கள். `pubspec.lock` ஐ கிட்டில் சேருங்கள், எந்த ஃபிளட்டர் பதிப்பு என்று ரீட்மியில் எழுதுங்கள்.

சும்மா விட்டாலும் தொடத்தான் வேண்டும். 2025 ஓகஸ்ட் 31 முதல் புதிய அப்புகளும் அப்டேற்றுகளும் அன்ட்ரொயிட் 15ஐக் குறிவைக்க வேண்டும் என்று பிளே ஸ்டோர் கேட்கிறது. இந்த எண் வருடாவருடம் ஏறும். பராமரிப்புக்கு வருடத்துக்கு இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள்.

8 ஜிபி லப்டொப் காணுமா?

எமுலேற்றரைத் திறக்காவிட்டால் காணும். ஒரு போனை வயரில் கொழுவுங்கள். ஃபிளட்டர் என்றாலும் உள்ளே கிரேடில்தான் ஓடும், ஆகவே லப்டொப் விசயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் பில்டுக்கு நிறைய இறக்கும். அதை டேட்டாவில் செய்யாமல் ஃபைபர் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

பிளே ஸ்டோரில போட எவ்வளவு நாள் எடுக்கும்?

உங்கள் சொந்தப் பெயரில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பம். அந்த 12 பேரையும் திறப்புவிழாவுக்கு முதல் கிழமை தேடாதீர்கள். மண்டபக்காரரின் சொந்தக்காரரையே சேர்த்துவிடுங்கள், அவர்களில் இரண்டு பேர் கனடாவில் இருந்தால் திகதிப் பிழையும் அகப்படும். நிறுவனப் பெயரில் பதிந்த கணக்குக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

கொட்லினில பாதி முடிச்சிட்டம். இப்பதான் ஐபோனும் வேணும் எண்டு சொல்லுகினம். தூக்கி எறியிறதா?

எறிய வேண்டாம். முதலில் திரைகளை இரண்டாகப் பிரியுங்கள். நாட்களை மூடுவது, பதிவை ஏற்பது, பற்றுச்சீட்டு அச்சிடுவது எல்லாம் மண்டபக்காரர் பக்கம். அவர் கவுண்டரில் வைத்திருப்பது ஒரு அன்ட்ரொயிட் டப்லெட். புளூடூத் அச்சு இயந்திரத்தோடு பேசுவதற்கும் கொட்லின்தான் வசதி. அது அப்படியே இருக்கட்டும்.

வாடிக்கையாளர் பக்கம் பார்த்தால் நாட்காட்டி, படிவம், முற்பணம், "என் பதிவுகள்" என்று நான்கு திரைதான். அதை ஃபிளட்டரில் புதிதாக எழுதுங்கள், அல்லது வெப் பக்கமாகச் செய்யுங்கள். இரண்டும் ஒரே சேர்வரோடுதான் பேசப்போகின்றன, திகதி எழுத்தாகப் போனால் சரி. கொட்லினிலேயே நின்று ஐபோனுக்குப் போகவும் இப்போது வழி இருக்கிறது. கொம்போஸ் மல்ரிபிளட்போர்மின் ஐபோன் பக்கம் 2025 மே மாதம் நிலையானது என்று அறிவிக்கப்பட்டது. குழுவில் மூன்று பேருமே கொட்லின்காரர் என்றால் அதைப் பாருங்கள். உங்கள் கேற்வேயின் கருவிப்பொதி அதில் நேரடியாக இல்லையென்றால், கட்டணத் திரையை மட்டும் வெப் பக்கமாகத் திறக்க வேண்டி வரும். அதை முதல் நாளே செய்து பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடங்குங்கள்.